‘அது’ என்றால் எது?

‘மாம்பழம்’ என்று தனியாக ஒரு சொல்லைச் சொன்னாலும் கேட்பவர் மனத்தில் ஒரு பொருள் வந்து நிற்கும். ‘அது’ என்று மட்டும் சொன்னால் எதுவும் வராது. இது, அது, இங்கே, அங்கே, இப்படி, அப்படி, முன்னது, பின்னது, இரண்டாவது ஆகிய சொற்களுக்கெல்லாம் சொந்தமாக உருவம் கிடையாது. ‘இந்தப் பக்கம் பார்’ என்று கேட்பவருக்குச் சொல்வதே அவற்றின் வேலை. பார்த்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதுவே அந்த நேரத்துக்கு அவற்றின் பொருள்.

பேசுபவரும் கேட்பவரும் ஒரே இடத்தில், ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்வரை இந்தச் சொற்களைப் போலச் சுருக்கமும் துல்லியமும் உள்ள சொற்கள் வேறில்லை. பொருள் கண்ணுக்கு மறைந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. மருந்துக் கடையில் இதை நேராகவே பார்க்கலாம். கடைக்காரர் மூன்று மாத்திரை அட்டைகளைப் பலகைமேல் பரப்பிவைத்து, “இதைக் காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க, இது ரெண்டையும் ராத்திரி போடுங்க” என்கிறார். விரல் அட்டையின் மேலேயே இருப்பதால் கேட்பவருக்குச் சந்தேகமே வருவதில்லை. வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்ததும் மூன்று அட்டைகளும் கலந்துவிடுகின்றன. கடைக்காரர் சொன்னது ஒரு சொல்கூட மறக்கவில்லை. ஆனால் எது ‘இது’ என்பது மட்டும் தெரியவில்லை. காதால் கேட்டது நினைவில் இருக்கிறது, விரல் காட்டிய இடம் கடையிலேயே நின்றுவிட்டது.

மூன்று சுட்டுகள்

இத்தகைய சொற்களைத் தமிழ் இலக்கணம் சுட்டு என்று பெயரிட்டுத் தனியாக ஆராய்ந்திருக்கிறது. அ, இ, உ என்ற மூன்று எழுத்துகளையும் சுட்டெழுத்துகள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நன்னூலும் அப்படியே சொல்கிறது. இகரம் அருகில் இருப்பதைச் சுட்டும், அகரம் தொலைவில் இருப்பதைச் சுட்டும், உகரம் இரண்டுக்கும் இடைப்பட்டதைச் சுட்டும் என்பது பள்ளிப் பாடத்தில் வரும் விளக்கம்.

தமிழ்நாட்டின் பேச்சில் உகரச் சுட்டு இன்று வழக்கில் இல்லை. இலங்கைத் தமிழில், சிறப்பாக யாழ்ப்பாணப் பேச்சில், உது, உவன், உந்த, உங்கை என்று அது உயிரோடு இருக்கிறது. அங்கே அதன் வேலையும் தெளிவானது: கேட்பவரின் பக்கத்தில் இருப்பதை அது சுட்டுகிறது. தொலைபேசியில் “உங்கை மழையோ?” என்று கேட்டால், நீங்கள் இருக்கும் ஊரில் மழையா என்பதுதான் பொருள். தமிழ்நாட்டில் “அங்க மழையா?” என்று கேட்டால், கேட்பவர் இருக்கும் ஊரா, சற்றுமுன் பேச்சில் வந்த மூன்றாவது ஊரா என்று சூழலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு சுட்டுகளைக் கொண்டு மூன்று இடங்களைக் காட்ட வேண்டியிருப்பதால், தமிழ்நாட்டுப் பேச்சில் ‘அ’ இரட்டைச் சுமை சுமக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும்போது இது தெரிவதில்லை, தொலைபேசியில் தெரிகிறது.

பொருள் எங்கிருந்து கிடைக்கிறது?

ஒரு சுட்டுச் சொல் கேட்பவரை எங்கே பார்க்கச் சொல்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் கார்ல் பியூலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர். மொழிக் கோட்பாடு பற்றி 1934இல் வெளியிட்ட நூலில் அவர் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினார். முதல் வழியில் பொருள் கண்ணெதிரே இருக்கிறது. விரலும் பார்வையும் அதைக் காட்டிவிடுகின்றன. இரண்டாம் வழியில் பொருள் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. சற்றுமுன் சொன்ன ஒரு சொல்லைச் சுட்டு திரும்பிப் பார்க்கிறது. மூன்றாம் வழியில் பொருள் இருவருடைய மனத்தில் மட்டுமே இருக்கிறது. நினைவாலோ கற்பனையாலோ அதைக் காண வேண்டும்.

பொருள் எதிரில் இல்லாதபோது முதல் வழி அடைபட்டுப் போகிறது. மற்ற இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. குழப்பங்களில் பெரும்பாலானவை அந்த நிபந்தனைகளை மறந்து பேசுவதால் வருகின்றன.

இரண்டாம் வழியின் நிபந்தனை, சுட்டுக்கு முன்பு பெயர் வந்திருக்க வேண்டும் என்பது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. ஒருவரைப் பெயராலும் சுட்டாலும் குறிக்கும்போது பெயர் முதலில் வர வேண்டும், சுட்டு பின்னால் வர வேண்டும். முறை மாறி வருவது செய்யுளுக்கே உரியது என்கிறது அது. ‘முருகன் வந்திருக்கிறான், அவனுக்குச் சோறு போடு’ என்றால் சோறு முருகனுக்குத்தான். ‘அவனுக்குச் சோறு போடு, முருகன் வந்திருக்கிறான்’ என்றால் ‘அவன்’ முருகனாகவும் இருக்கலாம், வேறொருவனாகவும் இருக்கலாம். இரண்டு வாக்கியங்களிலும் அதே சொற்கள்தான் இருக்கின்றன. வரிசை மாறியவுடன் ஆள் மாறிவிடக்கூடும்.

பெயர் முன்னால் வந்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. முன்னால் இரண்டு பெயர்கள் வந்திருந்தால் சுட்டு எதைப் பிடிப்பது? ‘குமார் சேகரிடம் பணம் கொடுத்தான், அவன் அதைத் தொலைத்துவிட்டான்’ என்ற வாக்கியத்தில் ‘அது’ பணம் என்பதில் ஐயமில்லை. தொலைத்தவன் சேகராகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் உடனே முடிவு செய்கிறோம். அதை வாக்கியம் சொல்லவில்லை. கொடுத்த பணம் இப்போது சேகரிடம் இருக்கும் என்ற உலக அறிவு சொல்கிறது. ‘குமார் சேகரிடம் பணம் கேட்டான், அவன் கோபித்துக்கொண்டான்’ என்பதிலும் அப்படியே ஊகிக்கலாம். ‘குமார் சேகரைச் சந்தித்தான், அவன் மறுநாள் ஊருக்குப் போய்விட்டான்’ என்று வரும்போது உலக அறிவும் கைகொடுப்பதில்லை. ஊருக்குப் போனது யார் என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் வழியின் நிபந்தனை, நினைவு இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது. ‘அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன்’ என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால், எந்தக் கோயில் என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். இப்படி ஏற்கெனவே அறிந்ததைச் சுட்டும் சுட்டைப் பண்டறிசுட்டு என்பார்கள் உரையாசிரியர்கள். பண்டு அறிந்திருந்தால்தான் அது பண்டறிசுட்டு. சொல்பவர் மட்டும் அறிந்து கேட்பவர் அறியாதிருந்தால் அது வெறும் புதிர். சொல்பவருக்கு அந்தக் கோயில் மனக்கண்ணில் தெளிவாகத் தெரிவதால், கேட்பவருக்கும் தெரிகிறது என்ற எண்ணம் அவரை அறியாமலே வந்துவிடுகிறது. சுட்டுக் குழப்பத்தைச் செய்பவர் பெரும்பாலும் அதை உணராததற்குக் காரணம் இதுதான். அவரைப் பொறுத்தவரை ‘அது’ என்ற சொல் எப்போதும் தெளிவானது.

நான், இங்கே, இப்போது

சுட்டுச் சொற்கள் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து அளக்கப்படுகின்றன. பேசுபவர் யார், எங்கே நிற்கிறார், எப்போது பேசுகிறார் என்பவை சேர்ந்ததே அந்தப் புள்ளி. ‘இங்கே’ என்பது அவர் நிற்கும் இடம். ‘நாளை’ என்பது அவர் பேசும் நாளுக்கு அடுத்த நாள். ‘இவ்வளவு’ என்பது அவர் கை காட்டும் அளவு. அந்தப் புள்ளி தெரியாவிட்டால் அளவுகள் எல்லாம் பயனற்றுப் போகும்.

அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1971இல் சாந்தா குரூஸ் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டைப் பயன்படுத்தினார். கடலில் மிதந்துவரும் ஒரு புட்டி. அதற்குள் ஒரு சீட்டு. நாளை நண்பகலில் இவ்வளவு நீளமுள்ள ஒரு குச்சியோடு இங்கே வந்து என்னைச் சந்திக்கவும் என்ற கருத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. சீட்டில் புரியாத சொல் ஒன்றுமில்லை. ஆனால் யாரைச் சந்திப்பது, எங்கே, எந்த நாளில், குச்சி எவ்வளவு நீளம் என்ற நான்கில் ஒன்றுக்கும் விடை கிடையாது. எழுதியவர் பெயரும் இடமும் தேதியும் இல்லாததால் முதல் மூன்றும் போயின. எழுதியவரின் கைகள் கண்ணுக்குத் தெரியாததால் நான்காவதும் போயிற்று.

புட்டியில் வந்த சீட்டுதான் என்றில்லை, எழுதும் நேரமும் படிக்கும் நேரமும் வேறுவேறாக இருக்கும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கடைக் கதவில் ‘நாளை விடுமுறை’ என்று தேதி போடாமல் ஒட்டிய தாள், கிழிக்கப்படும்வரை ஒவ்வொரு நாளும் அடுத்த நாளை விடுமுறையாக அறிவித்துக்கொண்டிருக்கும். இரவு பதினொன்றரைக்கு அனுப்பிய ‘நாளைக்கு வர்றேன்’ என்ற செய்தியை மறுநாள் காலை படிப்பவர், அனுப்பிய நேரத்தைப் பார்க்காவிட்டால் ஒரு நாள் தள்ளி எதிர்பார்ப்பார். கடிதத்தின் தலையில் இடமும் தேதியும் எழுதும் வழக்கம் வெறும் சம்பிரதாயமன்று. கடிதத்துக்குள் வரும் இங்கே, நேற்று, அடுத்த வாரம் எல்லாம் அந்த இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

இரண்டாவது எது?

‘இரண்டாவது’ என்ற சொல்லில் எண் இருப்பதால், ‘அது’ என்பதைவிட அது துல்லியமானது போலத் தோன்றும். உண்மையில் அதற்கு இன்னும் அதிக முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பொருளை இரண்டாவது என்று சொல்ல நான்கு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். எந்த வரிசை, எந்த முனையிலிருந்து எண்ணுவது, எதை ஒன்று என்று கணக்கில் சேர்ப்பது, தொடக்கத்தில் இருப்பதைச் சேர்ப்பதா விடுவதா என்பவை அந்த நான்கு.

வெளியூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வீட்டில் இருப்பவரிடம், “பீரோவுல ரெண்டாவது தட்டுல, துணிக்குப் பின்னாடி ஒரு பை இருக்கும்; அதுல ரெண்டாவதா இருக்கிற கவரை எடு” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். தட்டு மேலிருந்து இரண்டாவதா, கீழிருந்து இரண்டாவதா என்று தெரியாது. அடியில் இழுப்பறை இருந்தால் அது ஒரு தட்டாகுமா என்பது அடுத்த கேள்வி. பைக்குள் இருக்கும் கவர்களை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பது பையை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தட்டுக்கு இரண்டு விடை, கவருக்கு இரண்டு விடை என்று வைத்தாலே நான்கு கவர்கள் ‘அந்த’ கவர் ஆகிவிடுகின்றன. சொல்பவருக்கோ ஒரே கவர்தான் தெரிகிறது. தான் வைத்த இடத்தை அவர் மனத்தில் பார்த்துக்கொண்டே பேசுகிறார். ‘மேலிருந்து இரண்டாவது தட்டு, பழுப்பு நிறக் கவர், மேலே வங்கியின் பெயர் இருக்கும்’ என்று சொல்லியிருந்தால் எண்ணவே தேவை இருந்திருக்காது.

தொடக்கத்தைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்விதான் இவற்றில் மிகவும் ஏமாற்றுவது. தெருமுனையில் நிற்பவரிடம் ‘இடது பக்கம் மூன்றாவது சந்து’ என்றால், அவர் நிற்கும் இடத்தை ஒட்டியே இருக்கும் சந்து முதலாவதா, அதைத் தாண்டி வருவது முதலாவதா என்பதை இருவரும் வேறுவேறாக எடுத்துக்கொள்ளலாம். இருவருடைய எண்ணிக்கையிலும் தவறு இருக்காது. ஆனாலும் ஒரு சந்து தள்ளிப் போய்விடுவார்கள்.

பனிமூட்டத்தில் ‘மூன்றாவது’

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபில் நடந்த விமான விபத்தில் காணலாம். கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய பல விமானங்கள் டெனரீஃபின் லோஸ் ரோடியோஸ் என்ற சிறிய விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அங்கே ஒரே ஓர் ஓடுபாதைதான். பக்கத்தில் இணையாகச் செல்லும் பாதையை நிறுத்தப்பட்ட விமானங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ஆகவே புறப்பட வேண்டியவை ஓடுபாதையின் மீதே எதிர்த்திசையில் ஊர்ந்து சென்று மறுமுனையை அடைய வேண்டியிருந்தது.

முதலில் கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 மறுமுனையை நோக்கி ஊர்ந்து சென்றது. அதன்பின் பான் ஆம் நிறுவனத்தின் 747 ஓடுபாதையில் நுழைந்தது. வழியில் இடது பக்கம் பிரியும் மூன்றாவது பாதையில் ஓடுபாதையை விட்டு விலகுமாறு கட்டுப்பாட்டுக் கோபுரம் அதற்குச் சொன்னது. ஓடுபாதையிலிருந்து பிரிந்த பாதைகள் நான்கு. விமானிகளின் கையில் இருந்த வரைபடத்தில் அவை சி-1, சி-2, சி-3, சி-4 என்று பெயர் பெற்றிருந்தன. தரையில் அவற்றை அடையாளம் காட்டும் பலகை எதுவும் இல்லை. பனிமூட்டம் அடர்ந்திருந்ததால் கோபுரத்தால் விமானத்தைப் பார்க்க முடியவில்லை. விமானத்தாலும் முன்னால் வரும் பாதைகளைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. எண்ணப்பட வேண்டிய வரிசை இரு தரப்பின் கண்ணுக்கும் மறைந்திருந்தது.

சொன்னது முதலாவதா மூன்றாவதா என்றே விமானிகளுக்கு முதலில் ஐயம் வந்தது. அவர்கள் மறுபடி கேட்டார்கள். கோபுரமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் காட்டி உறுதிப்படுத்தியது. எண் தெளிவாகிவிட்டது. ஆனால் எங்கிருந்து எண்ணுவது என்பது அந்தப் பதிலில் இல்லை. சி-1ஐச் சேர்த்து எண்ணினால் மூன்றாவது சி-3. சி-1ஐக் கடந்ததாகக் கொண்டு எண்ணினால் மூன்றாவது சி-4. பாதைகளின் அமைப்பும் ஐயத்தைக் கூட்டியது. சி-3இல் திரும்ப 747 ஏறத்தாழ 148 டிகிரி வளைந்து, வந்த திசையை நோக்கியே போக வேண்டும். பிறகு இன்னொரு முறை அதே அளவு வளைய வேண்டும். சி-4 முன்னோக்கிச் சாய்ந்து இயல்பாகப் பிரிந்தது. அவ்வளவு பெரிய விமானத்தை சி-3இல் திருப்பச் சொல்லியிருப்பார்களா என்று ஒரு விமானிக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

பான் ஆம் விமானம் சி-3ஐக் கடந்து சி-4ஐ நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தபோது, மறுமுனையில் நின்ற கேஎல்எம் விமானம் புறப்பட அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கியது. சி-4க்கு அருகில் இரண்டும் மோதின. கேஎல்எம் விமானத்தில் இருந்த 248 பேரும், பான் ஆம் விமானத்தில் இருந்த 396 பேரில் 335 பேரும், மொத்தம் 583 பேர் இறந்தார்கள்.

விபத்தின் முதன்மைக் காரணம் அனுமதியின்றிப் புறப்பட்டதுதான். அதற்குப் பின்னாலும் சொற்குழப்பம் இருந்தது: புறப்பாடு என்ற சொல்லை ஒரு தரப்பு ‘புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்ற பொருளிலும், மறு தரப்பு ‘புறப்படத் தயாராக நிற்கிறோம்’ என்ற பொருளிலும் எடுத்துக்கொண்டன. ‘மூன்றாவது’ தெளிவாக இருந்திருந்தால் பான் ஆம் விமானம் முன்பே விலகியிருக்கக்கூடும் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நியாயம். ஆனால் அந்த உரையாடலில் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது. ஐயம் வந்தபோது கேட்டார்கள், கேட்டபோது பதிலும் வந்தது. ஆயினும் அந்தப் பதில் அதே எண்ணைத் திரும்பச் சொன்னதே தவிர, எந்தப் பாதை என்பதைப் பெயரால் சொல்லவில்லை. சுட்டு புரியாதபோது சுட்டையே உரக்கத் திரும்பச் சொல்வதால் பயன் இல்லை.

குன்றிலிருந்து தெரிந்த பீரங்கிகள்

இடம் மாறினால் சுட்டு மாறும் என்பதற்குப் போர்க்கள வரலாற்றில் பேர்போன சான்று 1854 அக்டோபர் 25 அன்று கிரிமியாவின் பாலக்லாவாவில் நடந்தது. பிரிட்டிஷ் படைத் தலைவர் ராக்லன் பிரபு உயரமான மேட்டிலிருந்து களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துருக்கியரிடமிருந்து பிடித்த பீரங்கிகளை ரஷ்யர்கள் பக்கத்துக் குன்றுகளிலிருந்து இழுத்துச் செல்ல முற்படுவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. குதிரைப்படை விரைந்து முன்னேறி, எதிரிகள் பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும் என்ற கட்டளை எழுதப்பட்டு, கேப்டன் நோலன் வழியாகக் கீழே அனுப்பப்பட்டது.

கட்டளையைப் பெற்ற லூக்கன் பிரபு பள்ளத்தாக்கில் இருந்தார். குன்றுகளின் மேல் நடப்பது அங்கிருந்து தெரியாது. அவருக்குத் தெரிந்தவை பள்ளத்தாக்கின் மறுகோடியில் இருந்த ரஷ்யப் பீரங்கிகள் மட்டுமே. எந்தப் பீரங்கிகள் என்று அவர் கேட்க, நோலன் கையை வீசிக் காட்டிய திசை அந்தக் கோடியாகப் பட்டது. மேட்டில் நின்றவருக்கு ‘முன்னேறுங்கள்’ என்பது குன்றுகளை நோக்கி. பள்ளத்தில் நின்றவருக்கு அது பள்ளத்தாக்கு வழியாக. ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் மூன்று பக்கத்துப் பீரங்கிகளுக்கு நடுவே பாய்ந்தார்கள். சுமார் 110 பேர் இறந்தார்கள். நோலன் தொடக்கத்திலேயே குண்டடிபட்டு இறந்ததால், அவர் காட்ட நினைத்தது எதை என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. குன்றுகளின் பெயர் ஒன்றைக் கட்டளையில் சேர்த்திருந்தால் அது எங்கே நின்று படித்தாலும் ஒரே பொருளைத் தந்திருக்கும்.

சுட்டுக்குப் பதில் பெயர்

மேலே கண்டவற்றிலிருந்து தீர்வின் வடிவமும் தெரிகிறது. பேசுபவரின் இடத்தையும் நேரத்தையும் நம்பாத ஒரு பெயரைப் பொருளுக்குத் தர வேண்டும். தவறு நேர்ந்தால் உயிரோ சொத்தோ போகும் தொழில்கள் இதை நெடுங்காலமாகவே செய்துவருகின்றன.

கப்பலில் வலது, இடது என்று சொல்வதில்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோமோ அதற்கேற்ப வலதும் இடதும் மாறிவிடும். ஆகவே முகப்பைப் பார்த்து நிற்பவரின் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாலுமி எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் அந்தப் பெயர்கள் மாறுவதில்லை. மருத்துவர்கள் இடது, வலது என்று எழுதுவது எப்போதும் நோயாளியின் இடது வலதைத்தான். எதிரே நிற்கும் மருத்துவரின் கைப்பக்கத்தை அல்ல.

‘இரண்டாவது’ என்ற சொல்லின் சிக்கலைப் பல் மருத்துவம் தீர்த்திருக்கும் விதம் இன்னும் அழகானது. ‘கீழே, கடைசியிலிருந்து இரண்டாவது பல்’ என்று நோயாளி சொல்லலாம். கடைவாய்ப்பல் முளைத்திருக்கிறதா, முன்பே ஒன்று பிடுங்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த இரண்டாவது மாறும். அதனால் பல நாடுகளில் வழங்கும் முறையில் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்க எண் உண்டு. வாய் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. நோயாளியின் வலது மேல்பகுதி 1, இடது மேல்பகுதி 2, இடது கீழ்ப்பகுதி 3, வலது கீழ்ப்பகுதி 4. ஒவ்வொரு பகுதியிலும் நடுப்பல்லிலிருந்து உள்நோக்கி 1 முதல் 8 வரை எண்ண வேண்டும். 36 என்றால் இடது கீழ்ப்பகுதியின் ஆறாவது பல், அதாவது முதல் பெரிய கடைவாய்ப்பல். பக்கத்துப் பல் விழுந்துபோனாலும் 36 என்பது 36ஆகவே இருக்கும். எந்த வரிசை, எங்கிருந்து, எந்தத் திசையில் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே முறை விடை சொல்லிவைத்துவிட்டு, பிறகு எண்ணை மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

மருந்துச் சீட்டில் எழுதும் 1-0-1 என்ற குறிப்பும் இதே வகை. முதல் இடம் காலை, நடு இடம் மதியம், கடைசி இடம் இரவு என்பது அனைவருக்கும் முன்பே தெரிந்திருப்பதால், காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று என்று அது பொருள்படுகிறது. அந்தக் குறிப்பை மாத்திரை அட்டையின் மேலேயோ, அட்டையைப் போட்டுத் தரும் உறையின் மேலேயோ கடைக்காரர் எழுதிவிட்டால், விரல் காட்டியது மறந்தாலும் கவலையில்லை. பொருள் எங்கே போகிறதோ அங்கே அதன் விளக்கமும் கூடவே போகிறது.

சொத்துப் பத்திரங்களும் இந்த வழியில் நடக்கின்றன. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பலருடைய பெயர்கள் வரும்போது, தொடக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எண் கொடுத்துவிட்டு, பிறகு ‘நம்மில் 2வது நபர்’ என்று எழுதுவார்கள். வரிசையும் தொடக்கமும் அதே பத்திரத்துக்குள் இருப்பதால், நாற்பது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் இரண்டாவது நபர் யார் என்பதில் மயக்கம் இல்லை. நிலத்தைக் காட்டும்போது வடக்கே இன்னாருடைய நிலம், கிழக்கே வாய்க்கால் என்று நான்கெல்லை சொல்வதோடு சர்வே எண்ணும் எழுதப்படுகிறது. பக்கத்து நிலம் கைமாறலாம், வாய்க்கால் தூர்ந்துபோகலாம். அப்போது நான்கெல்லை வெறும் சுட்டாகிவிடும். சர்வே எண் நிலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எங்கே விட்டுவைக்கலாம், எங்கே மாற்ற வேண்டும்

சுட்டுச் சொற்களே இல்லாமல் எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னால் படிப்பவர் களைத்துப்போவார். அதோடு, ஒரே ஆளைப் பற்றித்தான் பேச்சு தொடர்கிறதா, அதே பெயருள்ள வேறொருவரா என்ற புதுக் குழப்பமும் வரும். பெயர் ஒன்று மட்டும் முன்னால் வந்திருந்து, அதை அடுத்த வாக்கியத்திலேயே சுட்டு பிடித்துக்கொண்டால் அங்கே மாற்ற வேண்டியது எதுவுமில்லை.

மாற்ற வேண்டிய இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். எழுதியதை அல்லது சொல்லப்போவதை, அந்த இடத்தை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் மறுநாள் படிப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுட்டிலும் நின்று ‘எது?’ என்று கேட்க வேண்டும். விடை அதற்கு முந்தைய வாக்கியத்தில் பெயராக இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு விடை கிடைத்தால் சுட்டை எடுத்துவிட்டுப் பெயரைப் போட வேண்டும். விடை எழுதியவரின் மனத்தில் மட்டும் இருந்தால் நிறம், பெயர், எண் என்று பார்த்தவுடன் தெரியும் ஓர் அடையாளத்தைச் சேர்க்க வேண்டும். ‘முன்னது’, ‘பின்னது’ இரண்டு பொருள்களைச் சொன்ன உடனே மட்டும் பொருந்தும். மூன்று பொருள்கள் வந்துவிட்டாலோ, நடுவில் வேறு வாக்கியங்கள் புகுந்துவிட்டாலோ அவை உதவாது. ‘மேற்கண்ட’, ‘கீழ்க்கண்ட’ என்பவற்றோடு பத்தி எண்ணோ பட்டியலின் தலைப்போ சேர்ந்தால், பக்கம் மாறினாலும் அவை தவறாது.

கேட்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘சரி, இரண்டாவதுதானே?’ என்று அதே சொல்லைத் திரும்பக் கேட்டால், சொல்பவர் தன் மனத்தில் இருக்கும் இரண்டாவதைப் பார்த்து ஆமாம் என்றுதான் சொல்வார். ‘மேலிருந்து இரண்டாவதா? பழுப்புக் கவரா?’ என்று தான் புரிந்துகொண்டதை வேறு சொற்களில் சொல்லிக் கேட்க வேண்டும். இருவரும் வேறுவேறு பொருளை நினைத்திருந்தால், சொல்பவர் இல்லை என்று சொல்லும் வாய்ப்பு அப்போதுதான் உண்டாகிறது.